தேதி தவறிய சோலார் ஒப்பந்தமும் முன்பணமும்

மாடியில் சோலார் வைக்க முன்பணம் கொடுத்தாயிற்று. ஒப்பந்தத்தில் எழுதிய தேதி போய்விட்டது. கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். இந்த நிலையில் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் நினைப்பது ஒன்றுதான்: தேதி தவறிவிட்டது, ஆகவே ஒப்பந்தம் முறிந்துவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பாதிதான் சரி. தேதி தவறியது உங்களுக்கு ஓர் உரிமையைத் தொடங்கி வைக்கிறது, முடித்து வைப்பதில்லை. தேதி கடந்த பிறகு நீங்கள் என்ன எழுதினீர்கள், எதற்குப் பேசாமல் இருந்தீர்கள், இரண்டாம் தவணையைக் கொடுத்தீர்களா என்பதில்தான் முன்பணம் திரும்புவதும் திரும்பாததும் இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55ஆம் பிரிவு காலக்கெடு தவறியதைப் பற்றியது. அது ஒப்பந்தங்களை இரண்டாகப் பிரிக்கிறது. குறித்த காலத்தில் முடிப்பதே ஒப்பந்தத்தின் உயிர் என்று இருதரப்பும் கருதியிருந்தால், தேதி தவறியதும் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் விருப்பம் மற்றவருக்கு வந்துவிடுகிறது. அப்படிக் கருதவில்லை என்றால் ரத்து செய்ய முடியாது. தாமதத்தால் வந்த நஷ்டத்தை மட்டும் கேட்கலாம். மூன்றாவதாக ஒரு பத்தியும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை: தாமதமான வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே "நஷ்டஈடு கேட்பேன்" என்று தெரிவித்திருந்தாலொழிய, பிறகு அந்தத் தாமதத்துக்காக எதையும் கேட்க முடியாது. அதாவது பேசாமல் இருப்பதையும் ஒரு பதிலாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

சோலார் ஒப்பந்தம் இவற்றில் எந்த வகை? பொருள் விற்பனையும் கட்டுமான வேலையும் கலந்த ஒப்பந்தம் இது. கட்டுமானம் சார்ந்த ஒப்பந்தங்களில் தேதி எழுதியிருந்தால் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1979இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் சொல்லிவிட்டது. நாசிக் கால்வாய் ஒன்றுக்கு நீர்ப்பாலம் கட்ட 12 மாதம் கெடு. கெடு முடிந்த சில வாரங்களிலேயே மகாராஷ்டிர அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் விதிக்கவும், காலத்தை நீட்டிக்கவும் வழி இருந்ததால், தேதி ஒப்பந்தத்தின் உயிர் அல்ல என்று நீதிமன்றம் கருதியது. அரசின் ரத்து தவறு என்று முடிந்தது. உங்கள் சோலார் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "ஏறக்குறைய 45 நாள்", "பொருள் கிடைப்பதைப் பொறுத்து", "வாரத்துக்கு இத்தனை ரூபாய் தாமதக் கட்டணம்" என்று ஏதாவது இருக்கும். இவை இருந்தால், 46ஆம் நாள் காலையில் ரத்துக் கடிதம் அனுப்புபவர் தன் வழக்கைத் தானே பலவீனப்படுத்திக்கொள்கிறார்.

ஆனால் அதே தீர்ப்பு வழியையும் காட்டுகிறது. தேதி முதலில் உயிரானதாக இல்லாவிட்டாலும், தவறிய பிறகு நியாயமான ஒரு புதிய கெடுவைக் குறிப்பிட்டு, "இதற்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வேன்" என்று அறிவிப்பு கொடுத்தால், அந்தப் புதிய தேதி கட்டாயமானதாகிவிடுகிறது. ஆகவே வேண்டியவை இரண்டு கடிதங்கள். முதல் கடிதம் கெடு வைக்கிறது. இரண்டாவது ரத்து செய்கிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் அனுப்புவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பொதுவான பிழை. அதற்கு அடுத்த பிழை, முதல் கடிதத்தை அனுப்பிவிட்டு, அதில் சொன்ன தேதிக்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் "சரி சார், திங்கட்கிழமை வாங்க" என்று எழுதுவது. அந்த ஒரு வரி, கெடுவை நீங்களே நீட்டியதற்குச் சாட்சியாகிவிடும்.

கெடு வைப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: எந்த வேலைக்குக் கெடு? ஒப்பந்தத்தில் 'கமிஷனிங்' என்று ஒற்றைச் சொல்லாக இருக்கிறது. அதற்குள் இரண்டு பேருடைய வேலை ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ரக்சர் நிறுத்துவது, பேனல் ஏற்றுவது, இன்வெர்ட்டரும் ஒயரிங்கும் எர்த்திங்கும் முடிப்பது, பேனல் வரிசை எண்களோடும் படங்களோடும் போர்ட்டலில் விவரம் ஏற்றுவது எல்லாம் விற்பனையாளரின் பங்கு. வந்து பார்த்துச் சோதித்து, இருவழி மீட்டர் பொருத்தி, மின் கட்டமைப்பில் இணைத்துக் கொடுப்பது மின் வாரியத்தின் பங்கு. இன்றைய பெயரில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். "ஈ.பி.யில் லேட்" என்ற ஒரே வாக்கியத்தால் விற்பனையாளர் தப்பிப்பது இந்த இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால்தான். அவற்றைப் பிரித்தாலே அந்த வாக்கியம் நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும்.

பிரித்துப் பார்க்க விதிகள் உதவுகின்றன. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வந்தன. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்டன. 10 கிலோவாட் வரையுள்ள கூரை சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பது ஒரு திருத்தம். அமைப்பை இயக்கிக் கொடுக்க மின் நிறுவனத்துக்கு இருந்த 30 நாள் அவகாசம் 15 நாளாகக் குறைக்கப்பட்டது இன்னொன்று. வீட்டுக்கு 3 கிலோவாட் போடுபவரிடம் "ஃபீசிபிலிட்டி அப்ரூவல் வரலை" என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தால், முதல் திருத்தமே அதற்குப் பதில். மீட்டருக்காகக் காத்திருப்பதாகச் சொன்னால், அந்த 15 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேளுங்கள். நடைமுறையில் வாரியமும் தாமதிக்கிறது, இருவழி மீட்டருக்குத் தட்டுப்பாடும் வருவதுண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தாமதம் தொடங்குவதற்கே விற்பனையாளர் தன் பங்கை முடித்திருக்க வேண்டும்.

முடித்தாரா என்பதை அவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தால், pmsuryaghar.gov.in தளத்தில் உங்கள் செல்பேசி எண்ணைக் கொண்டு நீங்களே நுழையலாம். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரியும். நிறுவல் விவரமே ஏற்றப்படாத நிலையில் நின்றால், வாரியம் இன்னும் படத்திலேயே இல்லை. அந்தத் திரையைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். "மெட்டீரியல் வந்துடுச்சு, குடோன்ல இருக்கு" என்பது அடுத்த பதிலாக வரும். ஒவ்வொரு பேனலுக்கும் தனி வரிசை எண் உண்டு, இன்வெர்ட்டருக்கும் உண்டு. உங்களுக்காக ஒதுக்கிய பேனல்களின் எண்களை மின்னஞ்சலில் கேளுங்கள். பொருள் உண்மையிலேயே குடோனில் இருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை. ஒரு வாரமாகியும் எண் வரவில்லை என்றால், உங்கள் முன்பணம் வேறு யாருடைய மாடியிலோ பேனலாக ஏறியிருக்கிறது என்று நினைக்க நியாயம் இருக்கிறது.

இன்வெர்ட்டரை ஓடவிட்டு, திரையில் யூனிட் ஏறுவதைக் காட்டி, "கமிஷனிங் முடிஞ்சுது, பேலன்ஸ் கொடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. இருவழி மீட்டர் வைக்காமல் அப்படி ஓடவிடுவது அனுமதியில்லாத இணைப்பு. அதோடு, பழைய மின்னணு மீட்டர்களில் சில, வெளியே போகும் மின்சாரத்தையும் உள்ளே வந்ததாகவே எண்ணிவிடும். பில் குறைவதற்குப் பதில் கூடும். இன்வெர்ட்டர் ஓடுவதைக் கமிஷனிங் என்று நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், தேதி தவறியது என்ற உங்கள் வாதமும் அதோடு போய்விடும்.

கணக்கு உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். வேலையைச் செய்யத் தேவையான வசதியை நீங்கள் கொடுக்காததால் அது நின்றிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 67ஆம் பிரிவு விற்பனையாளரைக் காப்பாற்றும். சென்னையின் இந்தப் பகுதிகளில் அப்படி நிற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மின் இணைப்பு இன்னமும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றாமல் மானிய விண்ணப்பம் நகராது. அனுமதிக்கப்பட்ட மின்சுமை 2 கிலோவாட்டாக இருக்கும் இணைப்பில் 3 கிலோவாட் சோலார் போட, சுமையையும் கூட்ட வேண்டியிருக்கும். தி. நகர், அடையாறு அடுக்ககங்களில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் ஆள் மாடியேற முடியாது. இவற்றில் ஏதாவது உங்கள் பக்கம் நிலுவையில் இருந்தால், அதை முடித்து, முடித்த தேதியை எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதற்குப் பிறகு கெடு வையுங்கள். ஒப்பந்தக் கெடுவும் அந்தத் தேதியிலிருந்து ஓடுவதாக எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. நுகர்வோர் ஆணையத்திலும் அதுதான் எடுபடும்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம். மயிலாப்பூரில் தனி வீடு, 3 கிலோவாட், மொத்த விலை 2,00,000 ரூபாய். மானியம் 78,000 ரூபாய். அது வேலை முடிந்த பிறகு உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு வரும் பணம், ஆகவே விற்பனையாளருடனான கணக்கில் அதைக் கலக்கக் கூடாது. ஜூன் 10ஆம் தேதி ஒப்பந்தம். அன்றே 80,000 ரூபாய் முன்பணம். 45 நாளில், அதாவது ஜூலை 25க்குள், கமிஷனிங். ஜூலை நடுவில் ஆட்கள் வந்து மாடியில் ஸ்ட்ரக்சரை நிறுத்திவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. ஜூலை 30ஆம் தேதி விற்பனையாளரிடமிருந்து செய்தி: பேனல் விலை ஏறிவிட்டது, இன்னும் 60,000 ரூபாய் போட்டால் உடனே இறக்கிவிடலாம்.

இந்த இடத்தில் பணம் போடுவதா வேண்டாமா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒப்பந்தப்படி அடுத்த தவணை பேனல் வந்து இறங்கிய பிறகுதான் என்றால், இப்போது கொடுப்பது இரண்டு விதத்தில் தவறு. சிக்கிய தொகை 80,000இலிருந்து 1,40,000 ஆகிறது. தேதி தவறிய பிறகும் ஒப்பந்தம் தொடர்வதை நீங்கள் ஏற்றதாகவும் ஆகிறது. வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் இதை உடனே கிளைக்கும் எழுதுங்கள். பல கடன்களில் தொகை நேராக விற்பனையாளர் கணக்குக்குப் போகும், நீங்கள் தடுக்காவிட்டால் அடுத்த தவணையும் போய்விடும்.

உதாரண வீட்டுக்காரர் ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் கடிதத்தை அனுப்புகிறார். அதில் கோபம் இருக்கத் தேவையில்லை, விவரம் இருந்தால் போதும். "ஜூன் 10ஆம் தேதி ஒப்பந்தப்படி ஜூலை 25க்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். இன்றுவரை ஸ்ட்ரக்சர் மட்டுமே நிறுத்தப்பட்டுள்ளது. என் தரப்பில் தர வேண்டிய ஆவணங்கள் எல்லாம் ஜூன் 14ஆம் தேதி தரப்பட்டுவிட்டன. பேனல், இன்வெர்ட்டர், ஒயரிங், எர்த்திங் ஆகிய வேலைகளை முடித்து, நிறுவல் விவரத்தைப் போர்ட்டலில் ஏற்ற ஆகஸ்ட் 22 வரை இறுதி அவகாசம் தருகிறேன். இந்தத் தேதி ஒப்பந்தத்தின் கட்டாய அம்சம். அதற்குள் முடியாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணம் முழுவதையும் வட்டியுடன் கோருவேன். இந்த அவகாசம் இதுவரையான தாமதத்தை மன்னித்ததாகாது." மீட்டரைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விற்பனையாளரின் கையில் இருக்கும் வேலைக்கு மட்டுமே கெடு. ஸ்ட்ரக்சர் நின்ற மாடியில் ஆறு பேனலை ஏற்றி ஒயரிங் முடிக்க இரண்டு மூன்று நாள் போதும். ஆகவே மூன்று வாரம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று நாள் கெடு வைத்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கடிதம் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் அதன் படமும் போகட்டும். யார் பெயருக்கு என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பின்னால் பெரிதாகும். கடைப் பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், பணம் போன வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர் என்று இந்தத் தொழிலில் சகஜம். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் தேடினால் சட்டப்பூர்வப் பெயரும் வியாபாரப் பெயரும் தனித்தனியாக வரும். தனிநபர் நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா என்பதும் அங்கே தெரியும். சட்டப்பூர்வப் பெயருக்கே எழுதுங்கள். தவறான பெயரில் வாங்கிய உத்தரவை வைத்துப் பணம் வசூலிக்க முடியாது.

ஆகஸ்ட் 22 போய்விட்டது, பேனல் வரவில்லை. அடுத்த நாளே இரண்டாம் கடிதம். ஒப்பந்தம் இன்றோடு ரத்து, 80,000 ரூபாயை 15 நாளில் இந்த வங்கிக் கணக்குக்குத் திருப்ப வேண்டும், ஸ்ட்ரக்சரை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து கழற்றி எடுத்துச் செல்லலாம், போர்ட்டலில் என் விண்ணப்பத்தின் மீது உங்களுக்குள்ள பிடியை விடுவிக்க வேண்டும். இவ்வளவுதான். ஸ்ட்ரக்சரைத் திருப்பித் தருவதாக நீங்களே சொல்வது பெருந்தன்மைக்காக அல்ல. ரத்து செய்பவர் தான் பெற்ற பயனைத் திருப்ப வேண்டும் என்பது 64ஆம் பிரிவு. முறையாக ரத்து செய்தவர் நஷ்டஈடும் கேட்கலாம் என்பது 75ஆம் பிரிவு. முதலாவதைச் செய்யத் தயாராக இருப்பவரின் வாயில்தான் இரண்டாவது எடுபடும்.

இதற்குப் பதிலாக ஒரு கணக்கு வரும். ஸ்ட்ரக்சருக்கு 30,000, சைட் சர்வேக்கு 5,000, கேன்சலேஷன் சார்ஜ் மொத்த விலையில் 20 சதவீதம் என்று 40,000. மீதி 5,000 ரூபாய்தான் உங்களுக்கு. கூடவே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற வரியையும் காட்டுவார்கள். கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பலர் இங்கே தளர்ந்துவிடுகிறார்கள். தளரத் தேவையில்லை. கேன்சலேஷன் சார்ஜ் என்பது மனம் மாறி விலகும் வாடிக்கையாளருக்காக எழுதியது. தன் பங்கைச் செய்யாதவர் அதைக் கேட்க முடியாது. பணத்தைப் பறிமுதல் செய்யும் வரி ஒப்பந்தத்தில் இருந்தாலும், பறிப்பவருக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்று நீதிமன்றம் கேட்கும். 2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனைக்கான முன்தொகை 78 லட்சம் ரூபாயைப் பறித்துக்கொண்டது. அதே மனையைப் பிறகு மூன்று மடங்குக்கும் மேலான விலைக்கு விற்றது. நஷ்டமே இல்லாதபோது பறிமுதல் எதற்கு என்று கேட்ட உச்ச நீதிமன்றம், பணத்தை 9 சதவீத வட்டியோடு திருப்பச் சொன்னது. அதே வழக்கில், ஆணையம் திரும்பத் திரும்ப அவகாசம் கொடுத்திருந்ததால் தேதி அதன் உயிர்த்தன்மையை இழந்துவிட்டது என்றும் நீதிமன்றம் கண்டது. அந்த இரண்டாவது கருத்து உங்களுக்கு எச்சரிக்கை. முதலாவது உங்கள் ஆயுதம்.

ஒருதலைப்பட்சமான விதிகளுக்கு நுகர்வோர் சட்டத்திலும் பதில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்குத் தனி வரையறை கொடுக்கிறது. அதே ஆண்டு பயனீர் அர்பன் வழக்கில், வாங்குபவர் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் எழுதப்பட்ட ஒருதலை விதிகள் அவரைக் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அடுக்ககம் வாங்கியவரின் வழக்கு, ஆனால் தர்க்கம் அச்சடித்த சோலார் படிவத்துக்கும் பொருந்தும்.

ஸ்ட்ரக்சருக்கான 30,000 மட்டும் சற்று யோசிக்க வேண்டியது. அதை வைத்துக்கொண்டு வேறு விற்பனையாளரிடம் பேனல் மட்டும் வாங்கலாமே என்று தோன்றும். பெரும்பாலும் நடக்காது. ரெயில்களின் இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவு பேனலுக்காக வைத்தது. அதோடு, இன்னொருவர் நட்ட ஸ்ட்ரக்சர்மேல் தன் பேனலை ஏற்றி, புயல் காற்றுக்கு உத்தரவாதம் கொடுக்க அடுத்தவர் சம்மதிக்க மாட்டார். ஆகவே கழற்றி எடுத்துப் போகச் சொல்வதுதான் சுத்தம். கழற்றும்போது தளத்தில் துளையிட்ட இடங்களில் வெதரிங் கோர்ஸ் உடைந்திருந்தால், மழைக்கு முன் அதைச் சரிசெய்யும் செலவு உங்கள் கோரிக்கையில் சேரும். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். அதேபோல், உங்கள் இணைப்பு எண்ணில் வாரியத்துக்கு விற்பனையாளர் ஏதாவது கட்டணம் கட்டியிருந்து ரசீதும் காட்டினால், அதைக் கழித்துக்கொள்ளச் சம்மதியுங்கள். அந்தப் பயன் உங்களிடமே நிற்கிறது. அதற்காகச் சண்டை போடுவது அற்பம்.

"ஜி.எஸ்.டி. கட்டிட்டோம் சார், அந்தப் பணம் கவர்ன்மென்ட்டுக்குப் போயிடுச்சு" என்பது இன்னொரு பதில். இது கேட்க நம்பும்படி இருப்பதால் நிறையப் பேர் அந்தத் தொகையை விட்டுவிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 31, 34ஆம் பிரிவுகள் இதற்காகவே வழி வைத்திருக்கின்றன. முன்பணம் வாங்கும்போது ரசீது வவுச்சர். வேலை நடக்காமல் பணம் திரும்பும்போது ரீஃபண்ட் வவுச்சர். இன்வாய்ஸே போட்டுவிட்டிருந்தால் கிரெடிட் நோட். வரியைச் சரிக்கட்டிக்கொள்வது விற்பனையாளருக்கும் வரித்துறைக்கும் இடையிலான வேலை. கடிதத்தில் "ரீஃபண்ட் வவுச்சருடன்" என்று ஒரு சொல் சேர்த்தால், இந்தப் பதில் பெரும்பாலும் வருவதேயில்லை.

அக்டோபரில் மழையைக் காரணம் காட்டுவார்கள். வடகிழக்குப் பருவமழை சென்னைக்கு ஆண்டுதோறும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருகிறது. செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டவருக்கு அது எதிர்பாராத இயற்கைச் சீற்றம் ஆகாது. தேதி குறிக்கும்போதே கணக்கில் எடுத்திருக்க வேண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரத்தை மூழ்கடித்ததே, அது போன்ற நாட்கள் வேறு; அந்த நாட்களையும், தண்ணீர் வடிந்த சில நாட்களையும் விட்டுக்கொடுங்கள். மூன்று மாதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் எதிராக நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. ரத்து செய்து, பணத்துக்கு அலைந்து, புதிதாக ஒருவரைத் தேடி, திரும்ப வரிசையில் நிற்பதைவிட, இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் சோலார் ஓடிவிடுமே என்று கேட்கலாம். சில நிலைகளில் இதுதான் சரி. பேனலும் இன்வெர்ட்டரும் மாடியில் ஏறிவிட்டன, போர்ட்டலில் விவரமும் ஏறிவிட்டது, மீட்டர் மட்டும்தான் பாக்கி என்றால் ரத்து செய்யாதீர்கள். அந்த நிலையில் விற்பனையாளர் தன் பங்கில் பெரும்பகுதியை முடித்துவிட்டார். உங்கள் புகார் போக வேண்டிய இடம் வாரியத்தின் பிரிவு அலுவலகமும் மின்னகமும், அங்கும் நகராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றமும். விற்பனையாளர் தாமதித்த நாட்களுக்கு மட்டும் நஷ்டஈட்டுக்கான உரிமையை எழுத்தில் தக்கவைத்துக்கொண்டு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். 3 கிலோவாட் அமைப்பு சென்னை வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும் என்பதையும் உங்கள் பழைய பில்களையும் வைத்து அந்தத் தொகையைப் போடலாம். பெரிய தொகை வராது, கற்பனையாகக் கூட்டிப் போட்டால் அதுவும் கிடைக்காது. ஆனால் மாடியில் வெறும் கம்பிகளோ, கம்பிகூட இல்லாமலோ இருந்து, வரிசை எண்ணும் தராமல், மேலும் பணம் கேட்பவரிடம் பொறுமை காட்டுவது வேறு. அங்கே பொறுமைக்கு வட்டி கிடையாது. மற்ற வாடிக்கையாளர்களும் கேட்கத் தொடங்கும்போது, முதலில் எழுதியவருக்குத்தான் கையில் இருக்கும் பணம் போகும்.

15 நாளில் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு. விற்பனையாளரின் அலுவலகம் கோயம்புத்தூரில் இருந்தாலும் மயிலாப்பூர்க்காரர் சென்னை தெற்கு ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. உரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒப்பந்தத்தில் "தகராறுகள் நடுவர் மன்றத்துக்கே" என்று இருந்தாலும் அது தடையல்ல. எமார் வழக்கில் 2018இலேயே அது முடிந்துபோன விஷயம். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள், அதைவிட நீளும். அதனால்தான் 80,000க்குப் பதில் 72,000 இந்த வாரமே வருகிறது என்றால் வாங்கிக்கொள்வதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

மின் வாரியத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் வாரியம் ஒரு தரப்பு அல்ல. பணத்தை அது திருப்பித் தராது. ஆனால் திட்டத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர், பதிவுக்காக வங்கி உத்தரவாதம் கொடுத்தவர். உங்கள் இரண்டு கடிதங்களின் நகலோடு வாரியத்துக்கும் போர்ட்டலின் குறைதீர்ப் பகுதிக்கும் புகார் போனால், பதிவு போய்விடும் என்ற பயம் வழக்கைவிட வேகமாக வேலை செய்யும். காவல் நிலையம் கடைசி. தாமதம் மட்டும் மோசடிக் குற்றமாகாது. முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அலுவலகம் காலி, போன் அணைப்பு, பலரிடம் ஒரே நேரத்தில் முன்பணம் என்று சேர்ந்தால் அந்தக் கதவைத் தட்டலாம்.

சமரசமாக முடிந்தால், "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு போடுங்கள். பின்தேதியிட்ட செக் கொடுத்தால், காகிதத்தில் செக் எண்ணையும் தேதியையும் எழுதி, "இந்தச் செக் பணமான பிறகே இது செல்லும்" என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். போர்ட்டலில் பழைய விற்பனையாளரின் பெயர் உங்கள் விண்ணப்பத்திலிருந்து நீங்கியதைத் திரையில் பார்த்த பிறகுதான் புதியவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரும் தொடங்க முடியாமல் நிற்பார், இந்த முறை தாமதத்துக்குக் காரணம் உங்கள் பக்கம் இருக்கும்.